வரி குறைந்தது, அரசு கடன் வாங்கியது: கையில் மிஞ்சிய பணத்தை என்ன செய்வது?

கேள்வி: "எனக்கு 38 வயது, இரண்டு பிள்ளைகள். இந்த ஆண்டு வரியைக் குறைத்ததால் கையில் கொஞ்சம் கூடுதலாக மிஞ்சுகிறது. அந்தப் பள்ளத்தை நிரப்ப அரசு கடன் வாங்குகிறது. 'இது உன் பணமே இல்லை, பின்னால் வட்டியோடு பிடுங்கிக்கொள்வார்கள், தொடாமல் வை' என்கிறார் என் மைத்துனர். அவர் சொல்வது சரியா? எவ்வளவைச் சேமிக்க வேண்டும்? கிரெடிட் கார்டு பாக்கியும் கொஞ்சம் இருக்கிறது."

பதில்: உங்கள் மைத்துனர் பாதி சரி. அந்தப் பாதியை முதலில் பார்த்துவிடுவோம்.

அவர் சொல்வது நிற்க வேண்டுமானால் ஒரு நிபந்தனை உண்டு: அரசு தன் செலவைக் குறைத்திருக்கக் கூடாது. செலவையும் சேர்த்துக் குறைத்திருந்தால் மிஞ்சிய பணம் உண்மையாகவே உங்களுடையது, பின்னால் கேட்டு வர யாரும் இல்லை. செலவு அப்படியே இருக்க வரியை மட்டும் குறைத்திருந்தால், கட்ட வேண்டிய தேதிதான் மாறியிருக்கிறது. செய்தியில் 'வரிச் சலுகை' என்று படித்தால் அடுத்த வரியில் செலவு என்ன ஆயிற்று என்று தேடிப் பாருங்கள். உங்கள் விஷயத்தில் கடன் வாங்கியிருக்கிறார்கள் என்பதால் இரண்டாவது வகை என்றே வைத்துக்கொள்வோம்.

இப்போது கணக்கு. உங்களுக்கு 10,000 வரி குறைந்தது, அரசு அதை 5 விழுக்காடு வட்டிக்குக் கடன் வாங்கியது என்போம். ஓராண்டில் திருப்பிக் கொடுப்பதானால் அரசுக்கு 10,500 வேண்டும். அது உங்களிடம் வரியாக வரும். நீங்கள் அந்த 10,000-ஐ அதே 5 விழுக்காட்டில் போட்டு வைத்திருந்தால் கையில் சரியாக 10,500 இருக்கும். பத்தாண்டு கழித்துத் திருப்பினால் அரசுக்கு 16,289 வேண்டும். உங்கள் 10,000-மும் பத்தாண்டில் 16,289 ஆகியிருக்கும். அசலைத் தொடாமல் வட்டியை மட்டும் காலம் முழுக்கக் கட்டினால் ஆண்டுக்கு 500 புதிய வரி வேண்டும். உங்கள் 10,000 ஆண்டுக்கு ஈட்டித் தருவதும் அதே 500. எப்படிப் போனாலும் அதைச் சமாளிக்க இன்று எடுத்து வைக்க வேண்டியது 10,000, அதாவது மிஞ்சியது முழுவதும்.

மைத்துனரின் பேச்சில் ஒரு திருத்தம் இங்கேயே வருகிறது. 'வட்டியோடு பிடுங்குவார்கள்' என்பதை அவர் நஷ்டம் போலச் சொல்கிறார். அது நஷ்டமில்லை. அந்தப் பணம் இத்தனை காலம் உங்கள் கையில் இருந்து வட்டி ஈட்டியிருக்கிறது. கடனால் நீங்கள் பணக்காரரும் ஆகவில்லை, ஏழையும் ஆகவில்லை. உங்கள் மேல் விழும் பாரம் அரசு செய்த செலவு. வரியா கடனா என்பது அந்தப் பாரத்தை எப்போது தூக்குவது என்ற கேள்விதான்.

இந்த வாதத்தைத் தெளிவாக எழுதிக் காட்டியவர் ஆங்கிலேயப் பொருளியலாளர் டேவிட் ரிக்கார்டோ, 1820-இல். ஒரு போருக்கு ஆண்டுக்கு 2 கோடி பவுண்டு செலவாகிறது என்றால், அதை ஒரே தடவையில் வரியாகத் திரட்டுவதும், 5 விழுக்காட்டில் கடன் வாங்கி ஆண்டுதோறும் 10 லட்சம் பவுண்டு வட்டிக்காக வரி போட்டுக்கொண்டே இருப்பதும் கணக்கில் ஒன்றுதான் என்றார். ஆனால் அதே கட்டுரையில், மக்கள் அப்படி நினைக்க மாட்டார்கள் என்றும் எழுதினார். 20,000 பவுண்டு சொத்துள்ள ஒருவரிடம், என்றென்றைக்கும் ஆண்டுக்கு 50 பவுண்டு கட்டுவதும் இன்றே 1,000 பவுண்டு கட்டுவதும் ஒரே சுமை என்று நம்பவைப்பது கடினம் என்பது அவர் எண்ணம். 1974-இல் அமெரிக்கப் பொருளியலாளர் ராபர்ட் பாரோ இந்த வாதத்துக்குப் புதிய வலுவைக் கொடுத்தார். பின்னால் வரும் வரி தன் ஆயுளுக்கு அப்பால் விழுந்தாலும், பிள்ளைகள்மேல் அக்கறையுள்ள பெற்றோர் அந்தப் பங்கையும் சேர்த்துச் சேமித்து, கூடுதல் சொத்தாக விட்டுச் செல்வார்கள் என்பது அவருடைய வாதம்.

மக்கள் உண்மையில் என்ன செய்கிறார்கள்? 2001-இல் அமெரிக்க அரசு வரியில் ஒரு பகுதியைக் காசோலையாக அனுப்பியது. தனியாள் என்றால் 300 டாலர் வரை, தம்பதி என்றால் 600 டாலர் வரை. யாருக்கு எந்த வாரம் வரும் என்பது அவரவர் சமூகப் பாதுகாப்பு எண்ணின் கடைசிக்கு முந்தைய இலக்கத்தைப் பொறுத்தது. அது ஏறக்குறைய குலுக்கல் மாதிரி. அதனால் முன்னால் பெற்றவர்களையும் பின்னால் பெற்றவர்களையும் ஒப்பிட்டுப் பார்க்க முடிந்தது. குடும்பங்கள் பெற்ற பணத்தில் 20 முதல் 40 விழுக்காடு வரை, வந்த அந்த மூன்று மாதத்துக்குள் உணவு, உடை போன்ற அன்றாடச் செலவுக்குப் போயிருந்தது. கையிருப்பு குறைவான குடும்பங்கள் இன்னும் அதிகமாகச் செலவழித்தன. ஆக, 'முழுவதையும் சேமிப்பார்கள்' என்ற எதிர்பார்ப்பு நிற்கவில்லை. இதை வைத்து மக்களுக்குக் கணக்குத் தெரியவில்லை என்று சொல்வதை நான் ஏற்கமாட்டேன். அவர்களுடைய கணக்கு வேறு, அவ்வளவுதான்.

எப்படி வேறு என்பதற்கு உங்கள் கிரெடிட் கார்டே சாட்சி. அந்தப் பாக்கிக்கு ஆண்டுக்கு 20 விழுக்காடு வட்டி என்று வைத்துக்கொள்வோம். 10,000-ஐக் கொண்டுபோய் அதை அடைத்தால் ஆண்டுக்கு 2,000 வட்டி மிச்சம். அதே பணத்துக்காக அரசு உங்களிடம் பின்னால் கேட்கப்போவது ஆண்டுக்கு 500. நிகரமாக 1,500 உங்களுக்கு லாபம். ரிக்கார்டோவின் கணக்கில் அரசும் நீங்களும் ஒரே வட்டியில் கடன் வாங்குகிறீர்கள், ஒரே வட்டியில் சேமிக்கிறீர்கள். நிஜத்தில் உங்களுக்குக் கிடைக்கும் கடன் அரசுக்குக் கிடைப்பதைவிடப் பல மடங்கு விலை அதிகம். அதனால் இந்த வரிக் குறைப்பு, அரசு தன் பெயரில் குறைந்த வட்டிக்கு வாங்கி உங்களிடம் கொடுத்த கைமாற்று போன்றது. மைத்துனர் சொல்கிறபடி அதைத் தொடாமல் வைத்துவிட்டு, இன்னொரு பக்கம் 20 விழுக்காடு கட்டிக்கொண்டிருந்தால் அதுதான் உண்மையான நஷ்டம்.

சரி, பாக்கி தீர்ந்த பிறகு மிஞ்சுவதில் எவ்வளவு எடுத்து வைப்பது? பின்னால் வரும் வரியில் உங்கள் பங்கு எவ்வளவு என்பதைப் பொறுத்தது அது. ஆண்டுக்கு 500 என்று காலம் முழுக்க வரும் வகையையே எடுத்துக்கொள்வோம். 60 வயது வரை சம்பாதித்து வரி கட்டுவீர்கள் என்றால் இன்னும் 22 ஆண்டு. அந்த 22 தவணைகளின் இன்றைய மதிப்பு, அதே 5 விழுக்காட்டில், சுமார் 6,580. மீதி 3,420 உங்களுக்குப் பின் சம்பாதிப்பவர்கள் மேல் விழுகிறது. அவர்களில் உங்கள் பிள்ளைகளும் உண்டு. இந்த 3,420-ஐப் பிள்ளைகள் பெயரில் போட்டு வைக்க நினைத்தால் பாரோ சொன்ன பெற்றோர் நீங்கள். வேறு வகையில் அவர்களுக்குச் செய்துகொண்டுதான் இருக்கிறீர்கள் என்றால், மூன்றில் இரண்டு பங்கை வைத்தால் போதும். பின்னால் போடும் வரி எந்த வகை என்பதும் முக்கியம். இன்று குறைந்தது வருமான வரியாக இருந்து, நாளை ஏறுவது விற்பனை வரியாக இருந்தால், சம்பாத்தியத்தில் பெரும்பகுதியைச் செலவழிக்கும் குடும்பத்தின் பங்கு கூடும். பெரிதும் சேமிக்கும் குடும்பத்தின் பங்கு குறையும்.

இன்னொரு கேள்வியை நீங்கள் கேட்கவில்லை, ஆனால் மைத்துனரிடம் யாராவது கேட்டிருப்பார்கள்: அரசு எப்போது கடனை முழுதாக அடைத்திருக்கிறது? பழைய கடன் பத்திரம் முதிர்ந்தால் புதிய கடன் பத்திரம் விற்று அடைக்கிறார்கள். அப்படியானால் அந்த வரி வராமலே போகுமா? சில காலங்களில் பெரும்பகுதி வராமல் போகலாம். நாட்டின் ஆண்டு வருமானம் 100, கடன் 60 என்போம். வட்டி 3 விழுக்காடு, வருமானம் வளர்வது 5 விழுக்காடு என்றால், வட்டியையும் கடனாகவே வாங்கினாலும் அடுத்த ஆண்டு கடன் 61.8, வருமானம் 105. நூற்றுக்கு 60 ஆக இருந்தது 58.9 ஆகிறது, புதிய வரி எதுவும் இல்லாமல். வட்டி 5, வளர்ச்சி 3 என்று மாறினால் 61.2 ஆக ஏறுகிறது. அப்போதுதான் மைத்துனர் சொன்ன நாள் நெருங்குகிறது.

பிரிட்டன் இதற்கு நல்ல உதாரணம். இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது அதன் அரசுக் கடன் நாட்டின் ஆண்டு வருமானத்தைப்போல் சுமார் இரண்டரை மடங்கு. 1970-களின் நடுவில் அது வருமானத்தில் பாதி அளவுக்கு வந்துவிட்டது. கடனைத் திருப்பிக் கட்டியதால் அல்ல. பொருளாதாரம் வளர்ந்தது, வட்டி நெடுங்காலம் குறைவாக இருந்தது, அப்புறம் பணவீக்கம். 1975-இல் விலைவாசி ஒரே ஆண்டில் 20 விழுக்காட்டுக்கு மேல் ஏறியது. போர்க்காலத்தில் நாட்டை நம்பி மாறாத வட்டிப் பத்திரம் வாங்கி வைத்திருந்தவர்களின் பணம் அவர்கள் கண்முன்னே கரைந்தது. அவர்களுக்கு யாரும் வரிச் சீட்டு அனுப்பவில்லை. ஆனால் வரி கட்டியது அவர்கள்தான்.

அதனால் எடுத்து வைக்கும் பணத்தை இருபது, முப்பது ஆண்டுக்கு மாறாத வட்டி தரும் பத்திரத்தில் முழுதாக முடக்க வேண்டாம். தள்ளிப்போட்ட வரி விலைவாசியாக வந்தால் முதலில் அடிவாங்குவது அதுதான். ஓராண்டு, ஈராண்டு வைப்புகளாகப் பிரித்துப் போட்டால் விலைவாசியோடு வட்டி ஏறும்போது புதுப்பித்துக்கொள்ளலாம். ஆண்டுக்கு ஒரு தடவை இரண்டு எண்களைப் பாருங்கள்: அரசு புதிதாக வாங்கும் கடனுக்கு என்ன வட்டி, விலையேற்றத்தையும் சேர்த்து நாட்டின் வருமானம் எவ்வளவு வளர்கிறது. முதலாவது இரண்டாவதைத் தாண்டி ஓரிரு ஆண்டுகள் நின்றுவிட்டால், மூன்றில் இரண்டு பங்கு என்று வைத்திருந்ததை முழுப் பங்காக்கிவிடுங்கள்.