ஜெர்மன் திரையில் 800 km: அது டீசல் கணக்கு இல்லை

கேள்வி: வாடகைக்கு எடுத்த டீசல் காரில் திரை முழுக்க ஜெர்மன். இன்று காலை ஸ்டார்ட் செய்ததும் மஞ்சள் விளக்கு எரிந்தது. பக்கத்தில் AdBlue என்ற சொல்லும் "Kein Start in 800 km" என்ற வரியும். டீசல் பாதி டேங்க் இருக்கிறது. நான்கு நாளில் 1,100 கி.மீ. ஓட்ட வேண்டும். அப்படியே விட்டுவிடலாமா? மொழியை மாற்ற வழி உண்டா?

பதில்: விடக் கூடாது. Kein என்றால் "இல்லை". இன்னும் 800 கி.மீ. ஓடிய பிறகு எஞ்சினை நிறுத்தினால் திரும்ப ஸ்டார்ட் ஆகாது என்று கார் சொல்கிறது. ஓடிக்கொண்டிருக்கும்போது நடுவழியில் அணையாது. டீ குடிக்க இறங்கித் திரும்பும்போதுதான் மாட்டிக்கொள்வீர்கள்.

ஆட்ப்ளூ என்பது யூரியா கரைத்த நீர். புகையில் உள்ள நைட்ரஜன் ஆக்சைடுகளைக் குறைக்க வெளியேற்றுக் குழாயில் தெளிக்கப்படுகிறது. அது தீர்ந்த வண்டி ஓடக் கூடாது என்பது மாசு விதி. அதனால்தான் இந்தப் பூட்டு. யூரோ 6 கார்கள் சுமார் 2,400 கி.மீ. மிச்சம் இருக்கும்போதே முதல் எச்சரிக்கையைக் காட்டத் தொடங்கிவிடும். உங்களுக்கு முன் ஓட்டியவரும் பார்த்திருப்பார், "ஏதோ ஜெர்மனில் சொல்கிறது" என்று சாவியைக் கொடுத்துவிட்டுப் போயிருப்பார் என்பது என் ஊகம்.

டீசல் எவ்வளவு தூரம் வரும் என்பது வேறு எண். அதன் பெயர் Reichweite. பெரும்பாலும் பெட்ரோல் பங்க் படத்தின் அருகே இருக்கும். நீங்கள் ஓட்டும் விதத்தைப் பொறுத்து அது ஏறும், இறங்கும். டீசல் போட்டால் தாவி உயரும். ஆட்ப்ளூ எண்ணோ குறைந்துகொண்டே வரும். எவ்வளவு டீசல் ஊற்றினாலும் அசையாது.

முதலில் வாடகை நிறுவனத்துக்குப் போன் செய்யுங்கள். செலவு யாருடையது என்பது ஒப்பந்தத்துக்கு ஒப்பந்தம் மாறும். திரையை இப்போதே படம் எடுத்து, வண்டி எடுத்த நேரத்தையும் குறித்து அனுப்புங்கள். "நீங்களே வாங்கி ஊற்றுங்கள், பிறகு தருகிறோம்" என்றால், அதை எழுத்தில் வாங்கிக்கொண்டு ரசீதை வைத்திருங்கள்.

ஊற்றும் இடத்தில்தான் பெரிய ஆபத்து. மூடி பெரும்பாலும் நீல நிறம். டீசல் மூடிக்குப் பக்கத்திலோ டிக்கியிலோ இருக்கும். ஆட்ப்ளூ குழாய் முனை மெல்லியது, டீசல் டேங்க் வாயில் சுலபமாக நுழைந்துவிடும். தவறி டீசல் டேங்கில் ஊற்றிவிட்டால் எஞ்சினை ஸ்டார்ட் செய்யவே கூடாது. சாவியைக்கூடத் திருப்பாமல் நிறுவனத்தை அழையுங்கள். ஓரிரு லிட்டர் மட்டும் ஊற்றினால் சில கார்களின் சென்சார் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. குறைந்தபட்ச அளவை வண்டிக் கையேட்டில் பாருங்கள். எண் மறையவில்லையே என்று உடனே பதற வேண்டாம், சற்று ஓடிய பிறகே சில கார்களில் மாறும்.

மொழியை மாற்ற: வண்டியை நிறுத்திவிட்டு, திரையில் பல்சக்கரப் படத்தைத் தேடுங்கள். அதற்குள் Einstellungen, பிறகு Sprache. அந்தப் பட்டியலில் ஒவ்வொரு மொழியும் அதன் சொந்தப் பெயரிலேயே இருக்கும், English கண்ணில் பட்டுவிடும். சில கார்களில் ஸ்டியரிங்குக்குப் பின்னால் உள்ள சிறு திரைக்குத் தனி மெனு. அருகிலேயே Werkseinstellungen இருந்தால் தொடாதீர்கள். அது எல்லாவற்றையும் தொழிற்சாலை நிலைக்குக் கொண்டுபோய்விடும்.

மெனுவில் துழாவும்போது இன்னொரு கண்ணி: Reifendruck என்று டயர் காற்றழுத்தப் பகுதி வரும். அதில் SET அல்லது speichern அழுத்தச் சொன்னால், காற்றைச் சரிபார்க்காமல் அழுத்தாதீர்கள். சக்கரம் சுற்றும் வேகத்தை வைத்துக் கணிக்கும் கார்களில் அது இப்போதுள்ள அழுத்தமே சரியானது என்று பதிந்துகொள்ளும். காற்று இறங்கிய டயரோடு விளக்கு அணைந்துவிடும். சரியான அளவு பெரும்பாலும் டிரைவர் பக்கக் கதவுச் சட்டத்திலோ டீசல் மூடிக் கதவின் உட்புறமோ ஒட்டியிருக்கும். 2,3 bar என்றால் சுமார் 33 பி.எஸ்.ஐ.; ஜெர்மனில் தசமப் புள்ளிக்குப் பதில் காற்புள்ளி.

அதே குழப்பம் மைலேஜிலும் வரும். 6,5 என்று தெரிந்தால் லிட்டருக்கு 6.5 கி.மீ. என்று திடுக்கிட வேண்டாம். அது 100 கி.மீ.க்கு 6.5 லிட்டர், அதாவது லிட்டருக்கு 15 கி.மீ.க்குச் சற்று மேல். அந்த எண் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது.

கடைசியாக, எந்த மொழியிலும் படிக்கத் தேவையில்லாதது நிறம். மஞ்சள் என்றால் சரிபார்க்க அவகாசம் உண்டு. உங்களுக்கு 800 கி.மீ. கொடுத்ததுபோல. சிவப்பில் எண்ணெய்க் குப்பி எரிந்தாலோ, அலைமேல் வெப்பமானி எரிந்தாலோ பாதுகாப்பாக ஓரம் கட்டி உடனே எஞ்சினை நிறுத்துங்கள். வாசகத்தைப் படித்துப் புரிந்துகொள்வதெல்லாம் அதற்குப் பிறகு.