ரிட் மனுவைச் சுருக்க, கடைசியில் உள்ள கோரிக்கையை முதலில் படியுங்கள்

கேள்வி: மாவட்ட அலுவலகத்தின் வழக்குப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கிறேன். எங்கள் துறையின் அரசாணையை எதிர்த்துச் சென்னை உயர் நீதிமன்றத்தில் தாக்கலான ரிட் மனு வந்துள்ளது, 38 பக்கம். எந்த ஆணை, என்ன காரணங்கள், என்ன பரிகாரம் என்று ஒரே பக்கத்தில் எழுதித் தரச் சொல்கிறார்கள். எதை எடுப்பது, எதை விடுவது?

பதில்: அரசமைப்புச் சட்டத்தின் 226ஆம் உறுப்பின் கீழ் தாக்கலாகும் மனுவில் சம்பவங்களும் காரணங்களும் பிரமாணப் பத்திரத்தில் இருக்கும், நீதிமன்றத்திடம் கேட்கப்படுவது என்ன என்பது அதன் இறுதிப் பத்தியில் இருக்கும். முதல் பத்தியிலிருந்து சுருக்கத் தொடங்குபவர்களுக்கு மனுதாரரின் பணி வரலாற்றிலேயே ஒரு பக்கம் தீர்ந்துவிடுகிறது. ஆகவே இறுதிக் கோரிக்கையை முதலில் படித்து, அதை ஒரு சொல்லும் மாற்றாமல் தனித்தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

ஓர் எடுத்துக்காட்டை வைத்துக்கொள்வோம். துறையின் 10.06.2022 நாளிட்ட அரசாணை, பதவி உயர்வுக்குப் பட்டப்படிப்பு வேண்டும் என்று 6ஆம் பத்தியில் சொல்லி, அதற்கு 01.01.2020 முதல் செயலுரு தருகிறது. அதன்படி மாவட்ட அலுவலர் 05.08.2022 நாளிட்ட செயல்முறைகளில் ஒருவரின் பெயரைத் தேர்ந்தோர் பட்டியலிலிருந்து நீக்குகிறார். அவர் செர்ஷியோரரிஃபைடு மாண்டமஸ் கோருகிறார். அதாவது, ஆவணங்களை வரவழைத்து ஆணையை ரத்து செய்வதும், அதன் தொடர்ச்சியாக ஒன்றைச் செய்யுமாறு எதிர்மனுதாரர்களுக்குக் கட்டளையிடுவதும் சேர்ந்த ஒரே பேராணை.

இங்கே நான் அடிக்கடி காணும் தவறு, “அரசாணையை ரத்து செய்யக் கோரி” என்று எழுதிவிடுவது. மனுவில் “6ஆம் பத்தி மனுதாரரைப் பாதிக்கும் அளவில்” என்றிருந்தால், எதிர்க்கப்படுவது முழு அரசாணை அன்று. அந்த ஐந்து சொற்களை விட்டுவிட்டால், துறையே முழு ஆணைக்கும் பதிலுரை தயாரிக்கத் தொடங்கிவிடும். அரசாணையின் எண்ணோடு நாளையும் துறையையும் எழுதுங்கள். ஒவ்வொரு துறையும் தன் ஆணைகளுக்குத் தனியே எண் இடுவதால், எண் மட்டும் இருந்தால் வேறோர் ஆணை எடுக்கப்படக்கூடும். செயல்முறைகளையும் எதிர்க்கிறாரா என்பதைத் தவறாமல் குறிப்பிடுங்கள்.

அடுத்தது காரணங்கள். அ, ஆ, இ என்று பதினான்கு காரணங்கள் இருந்தாலும் பெரும்பாலும் மூன்று நான்குதான் தேறும். மற்றவை அவற்றின் மறுகூற்று. ஒரு வாக்கியத்தின் முன் “இந்த ஆணை செல்லாது, ஏனெனில்” என்பதைச் சேர்த்துப் பாருங்கள். “மனுதாரர் 14 ஆண்டுகள் பணியாற்றினார்” என்பது அங்கே பொருந்தாது, அது சம்பவம். “பணி விதிகளில் இல்லாத கல்வித் தகுதியை, விதிகளைத் திருத்தாமல் நிர்வாக ஆணையால் சேர்த்துள்ளனர்” என்பது பொருந்தும். சட்டப்பூர்வ விதியில் இடைவெளி இருந்தால் நிர்வாக ஆணையால் நிரப்பலாம், ஆனால் விதியை மீற முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1967இல் சந்த் ராம் சர்மா வழக்கில் கூறியது. மனுதாரர் அத்தகைய தீர்ப்பைக் காட்டியிருந்தால், வழக்கின் பெயரையும் அது எந்தக் காரணத்துக்குத் துணை என்பதையும் ஒரு வரியில் எழுதினால் போதும்.

மேற்கண்ட மனுவின் சுருக்கம் இவ்வாறு அமையலாம்:

“…… துறையின் 10.06.2022 நாளிட்ட …… எண் அரசாணையின் 6ஆம் பத்தியை, மனுதாரரைப் பாதிக்கும் அளவிலும், 05.08.2022 நாளிட்ட செயல்முறைகளை முழுமையாகவும் மனுதாரர் எதிர்க்கிறார். பணி விதிகளைத் திருத்தாமல் புதிய தகுதி சேர்க்கப்பட்டது என்றும், அது பின்னோக்கிச் செயலுரு பெற்றதால் முன்பே கிடைத்த தகுதி பறிபோனது என்றும், பெயரை நீக்கும் முன் விளக்கம் கேட்கப்படவில்லை என்றும் கூறுகிறார். இரண்டையும் ரத்து செய்து, 2022-23ஆம் ஆண்டுப் பட்டியலில் தம் பெயரைச் சேர்க்கக் கட்டளையிடுமாறு கோருகிறார்.”

“கூறுகிறார்” என்பதைச் சுருக்க வேண்டும் என்று நீக்கிவிடாதீர்கள். அது இல்லாவிட்டால் மனுதாரரின் குற்றச்சாட்டு, அலுவலகமே ஒப்புக்கொண்டதுபோல் கோப்பில் நிற்கும். உங்கள் மறுப்பையும் சுருக்கத்தில் கலக்க வேண்டாம். அதற்கு இடம், மனுவின் ஒவ்வொரு பத்திக்கும் பதில் எழுதும் பத்திவாரிக் குறிப்புரை.

இடைக்காலக் கோரிக்கை தனி மனுவாக வரும். ஆணைக்குத் தடை கேட்கிறாரா, ஒரு பணியிடத்தைக் காலியாக வைக்கக் கேட்கிறாரா என்பதைத் தனி வரியில் எழுதி, நீதிமன்றம் ஏதேனும் உத்தரவிட்டிருந்தால் அதன் நாளையும் சேருங்கள். தடை இருப்பதை அறியாமல் பட்டியலை வெளியிட்டால் அவமதிப்பு வழக்கு வரக்கூடும் என்பதால், அந்த வரி பக்கத்தின் மேலேயே இருக்கட்டும்.

இறுதியாக, காரணங்களையும் கோரிக்கையையும் ஒப்பிட்டுப் பாருங்கள். சில நேரம் பிரமாணப் பத்திரம் வேறொரு பழைய அரசாணையையும் கடுமையாகச் சாடியிருக்கும். கோரிக்கையில் அது இருக்காது. அப்போது “அந்த ஆணையை ரத்து செய்யக் கோரவில்லை” என்று மட்டும் குறிப்பிட்டு, பத்தி எண்ணைத் தாருங்கள். அது முக்கியமா என்பதை அரசு வழக்கறிஞர் முடிவுசெய்வார்.