ஓட்டை இல்லாத டயருக்கு மாதாமாதம் காற்று பார்ப்பது ஏன்?

"மாதாமாதம் செய்யவேண்டிய வீட்டு வேலைகளில் காஸ் பதிவு, தண்ணீர் பில்டர் கழுவுவது சரி. ஓட்டையே இல்லாத டயருக்கு ஏன் மாதாமாதம் காற்று பார்க்க வேண்டும்? எப்போது பார்ப்பது?"

ஊதிக் கட்டிய பலூன் ஓட்டையில்லாமலே சில நாளில் சுருங்குகிறது அல்லவா? டயர் ரப்பர் வழியாகவும் காற்று அப்படித்தான் மெல்லக் கசிகிறது. மாதத்துக்கு ஏறக்குறைய 1 பிஎஸ்ஐ குறையும். பிஎஸ்ஐ என்பது உள்ளே காற்று எவ்வளவு அழுத்துகிறது என்பதற்கான அளவு.

காலையில், வண்டி எடுக்கும் முன் பாருங்கள். ஓடிய டயர் சூடாகி அழுத்தம் கூடிவிடும். உங்கள் காருக்கான அளவு 32 பிஎஸ்ஐ என்று வைத்துக்கொள்ளுங்கள். நிலாவெளியிலிருந்து நண்பகலில் திருகோணமலை டவுனுக்கு ஓட்டிவந்து பார்த்தால் 35 காட்டலாம். கூடிவிட்டதென்று 3 இறக்கினால், மறுநாள் காலை 29தான் இருக்கும். அப்படி ஓட்டினால் டயரின் இரு ஓரங்களும் தேயும், பெட்ரோலும் கூடுதலாகப் போகும். அதனால் சூட்டில் காற்றை இறக்கவே வேண்டாம்.

பலர் டயரின் பக்கவாட்டில் உள்ள எண்ணைப் பார்த்து அடிக்கிறார்கள். அது டயர் தாங்கும் உச்ச அளவு, உங்கள் வண்டிக்கான அளவு ஓட்டுநர் கதவின் ஓரத்து ஸ்டிக்கரிலோ கையேட்டிலோ இருக்கும்.