பெரிய முடிவெல்லாம் தலைமையகத்து முடிவல்ல

கேள்வி: வேலை பார்த்துக்கொண்டே எம்.பி.ஏ. படிக்கிறேன். பத்து முடிவுகளைக் கொடுத்து, ஒவ்வொன்றும் நிறுவன மட்டமா, தொழில் மட்டமா, துறை மட்டமா என்று பிரிக்கச் சொன்னார்கள். பெரிய தொகை, எம்.டி. கையெழுத்து என்றால் நிறுவன மட்டம் என்று போட்டேன். பாதி தப்பு. விலைக் குறைப்பு, ஆலையை மூடுவது போன்றவைதான் ரொம்பக் குழப்புகின்றன. எங்கள் கம்பெனியில் ஒரே தொழில்தான், எல்லாவற்றையும் எம்.டி.யே முடிவு செய்கிறார். அப்படியிருக்க இதை எப்படிப் பிரிப்பது?

பதில்: தொகையையும் கையெழுத்தையும் முதலில் ஒதுக்கி வையுங்கள். ஒரு முடிவுக்கு யார் ஒப்புதல் தந்தார் என்பதைத்தான் அவை சொல்லும். அது என்ன மாதிரியான முடிவு என்பதைச் சொல்லாது. பழைய கணக்கு மென்பொருளைத் தூக்கிவிட்டுப் புதியதைப் போடுவதற்குப் பெருந்தொகை ஆகும், கோப்பு இயக்குநர் குழு வரை போகும். இருந்தும் அது நிதித் துறையின் வேலையை எப்படிச் செய்வது என்ற முடிவுதான். நேர்மாறாக, யாரும் கண்டுகொள்ளாத ஒரு சின்னத் தொழிலை அற்பத் தொகைக்கு விற்பது நிறுவன மட்ட முடிவு.

நான் பாடம் எடுக்கும்போது சொல்வது ஒன்றுதான்: தராசைப் பாருங்கள். முடிவெடுப்பவர் எதை எதோடு வைத்து எடை போடுகிறார்? ஒரு தொழிலை இன்னொரு தொழிலோடு எடை போட்டால் அது நிறுவன மட்டம். எந்தத் தொழிலில் இருப்பது, எதிலிருந்து வெளியேறுவது, இருக்கும் பணத்தை எதற்குத் தருவது என்பவை இதில் வரும். நம்மைப் போட்டியாளரோடு, வாடிக்கையாளர் கண்ணிலிருந்து எடை போட்டால் தொழில் மட்டம். இந்தச் சந்தையில் எப்படி ஜெயிப்பது என்பதே அங்கே கேள்வி. இலக்கு ஏற்கெனவே முடிவாகிவிட்டது, அதை எட்ட ஒரு வேலைமுறையை இன்னொரு வேலைமுறையோடு மட்டும் எடை போட்டால் துறை மட்டம். உற்பத்தி, சந்தைப்படுத்தல், நிதி, மனிதவளம் எல்லாம் இங்கே வரும்.

ஒரு கற்பனைக் கம்பெனியை எடுத்துக்கொள்வோம். அதற்கு மூன்று தொழில்கள்: வீட்டுக்கான தண்ணீர் சுத்திகரிப்பான், தொழிற்சாலைகளுக்கான கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம், நீச்சல்குள ரசாயனம். ஒவ்வொன்றுக்கும் ஒரு தலைவர், மூவருக்கும் மேலே தலைமையகம்.

ரசாயனத் தொழிலை விற்று, வந்த பணத்தைக் கழிவுநீர் நிலையத்தில் போடுவது என்று முடிவாகிறது. தராசின் இரண்டு தட்டிலும் தொழில்களே இருக்கின்றன. எனவே நிறுவன மட்டம். ரசாயனப் பிரிவின் தலைவர் எவ்வளவு திறமைசாலியானாலும் இந்த முடிவை அவரால் எடுக்க முடியாது. தன் நாற்காலியைத் தானே விற்கச் சொன்னால் யார் விற்பார்?

வீட்டுச் சுத்திகரிப்பானைக் கடையில் விற்பதை நிறுத்திவிட்டு, மாத வாடகைக்குக் கொடுத்து, பராமரிப்பையும் நாமே பார்த்துக்கொள்வது என்பது அடுத்த முடிவு. கேட்டவுடன் விற்பனைத் துறை விஷயம் போலத் தோன்றும். ஆனால் இதில் மாறுவது விற்கும் வழி மட்டுமல்ல. வாடிக்கையாளர் எதற்குப் பணம் தருகிறார், போட்டியாளரை விட்டு ஏன் நம்மிடம் வருகிறார் என்பதே மாறிவிடுகிறது. இது தொழில் மட்டம். இதைச் சாத்தியமாக்க எத்தனை டெக்னீஷியன் வேண்டும், உதிரி பாகங்களை எங்கே இருப்பு வைப்பது, வாடகை வராத வீட்டுக்கு எத்தனை நாளில் நினைவூட்டுவது என்பவை அதன் கீழே வரும் துறை மட்ட முடிவுகள்.

சரி, உங்களைக் குழப்பியவற்றுக்கு வருவோம்.

விலைக் குறைப்பு. மாடல் மாறப்போகிறது, பழைய சரக்கு கிடங்கில் தேங்கியிருக்கிறது, அதைத் தள்ளிவிட இரண்டு மாதத்துக்குப் பத்து சதவீதம் குறைக்கிறார்கள் என்றால் அது சந்தைப்படுத்தல் துறையின் வேலை. அந்த இரண்டு மாதம் முடிந்ததும் கம்பெனி பழையபடியே இருக்கும். அதே பத்து சதவீதத்தை, ‘இனி இந்தச் சந்தையில் விலை குறைவானவர் நாம்தான்’ என்று நிரந்தரமாகக் குறைத்தால் தொழில் மட்டம். ஏனென்றால் அதைத் தாங்க வடிவமைப்பு, கொள்முதல், ஆள்கணக்கு எல்லாம் மாறியாக வேண்டும். ஒரே வாக்கியம், ஒரே சதவீதம், ஆனால் மட்டம் வேறு. ஒரு முடிவால் மற்ற எல்லாத் துறைகளும் தங்கள் திட்டத்தைத் திருத்த வேண்டியிருந்தால், அது ஒரு துறைக்குள் அடங்கும் முடிவல்ல.

ஆலையை மூடுவதும் அப்படியே. ஒரே சுத்திகரிப்பானை இரண்டு ஆலைகளில் செய்கிறார்கள், இரண்டிலும் பாதி இயந்திரம் சும்மா நிற்கிறது, எனவே ஒன்றை மூடுகிறார்கள் என்றால் அது உற்பத்தித் துறையின் உத்தி. தொழில் தலைவரின் ஒப்புதல் தேவைப்படலாம், ஆனால் வாடிக்கையாளருக்கு எதுவும் மாறவில்லை. ஆலை மூடப்படுவதோடு அந்தப் பொருளையே கைவிடுகிறார்கள், அதோடு அந்தத் தொழிலும் முடிகிறது என்றால் நிறுவன மட்டம்.

அப்புறம் உங்கள் பட்டியலில் இல்லாத, ஆனால் நிச்சயம் ஒருநாள் வரப்போகிற ஒன்று: மூன்று தொழில்களுக்கும் சேர்த்துப் பிளாஸ்டிக் உதிரிகளை ஒரே இடத்தில் வாங்குவது. கொள்முதல் என்ற சொல்லைப் பார்த்ததும் துறை மட்டம் என்று கை தானாக எழுதும். நானும் அப்படித்தான் ஏமாந்தேன். முன்பு வேலை பார்த்த ஒரு குழுமத்தில் இதே திட்டத்தைக் கொள்முதல் மேலாளரிடம் ஒப்படைக்கலாம் என்று குறிப்பு எழுதிக் கொடுத்தேன். ஒரு பிரிவுக்குத் தரம் முக்கியம், இன்னொன்றுக்கு விலை, மூன்றாவதற்குச் சொன்ன தேதியில் சரக்கு வர வேண்டும். மூன்று தலைவர்களும் அந்த மேலாளரை ஆளுக்கொரு பக்கம் இழுத்தார்கள். யாரிடமும் ‘முடியாது’ என்று சொல்லும் அதிகாரம் அவருக்கு இல்லை. இரண்டு மாதம் ஒரு ஆர்டர்கூடப் போகவில்லை. கடைசியில் தலைமையகம் உட்கார்ந்து, எந்தெந்த உதிரிகள் பொது, எவை அந்தந்தப் பிரிவின் விருப்பம் என்று பிரித்துக் கொடுத்த பிறகுதான் வண்டி ஓடியது. சேர்ந்து வாங்குவதா வேண்டாமா என்பது தொழில்களுக்கு இடையிலான பங்கீடு, அதனால் நிறுவன மட்டம். யாரிடம் வாங்குவது, எந்தத் தவணையில் பணம் கொடுப்பது என்பவை துறை மட்டம். இரண்டையும் ஒரே முடிவாக நினைத்தது என் தவறு.

இதுவரை சொன்னதைக் கேட்டால், முடிவுகள் எப்போதும் மேலிருந்து கீழே ஒழுங்காக இறங்கும் என்று தோன்றலாம். பாடப்புத்தகப் படம் அப்படித்தான் இருக்கும், ஒரு முக்கோணமும் மூன்று கோடுகளும். நடப்பு வேறு. இன்டெல் கதையைப் பாருங்கள். 1968இல் தொடங்கிய அந்த நிறுவனம் கணினி நினைவகச் சில்லுகளால்தான் வளர்ந்தது. 1980களின் தொடக்கத்தில் ஜப்பானிய நிறுவனங்கள் அதே சில்லைத் தரமாகவும் மலிவாகவும் தர ஆரம்பித்தன. இன்டெல்லின் தலைமையோ, நினைவகம்தான் நம் அடையாளம் என்ற எண்ணத்தை விடவில்லை, ஆராய்ச்சிக்கும் தொடர்ந்து பணம் கொடுத்தது.

ஆனால் ஆலையில் ஒரு விதி இருந்தது. எந்தச் சில்லை எவ்வளவு தயாரிப்பது என்று திட்டமிடுபவர்கள், ஒரு சிலிக்கான் தட்டிலிருந்து எந்தச் சில்லு அதிக லாபம் தருகிறதோ அதற்கே இயந்திரத்தை ஒதுக்க வேண்டும். நினைவகச் சில்லின் விலை சரிய, அந்த விதியைப் பின்பற்றியவர்கள் மெல்ல மெல்ல இயந்திரங்களை நுண்செயலிக்கு மாற்றிவிட்டார்கள். யாரும் ‘வெளியேறுவோம்’ என்று சொல்லவில்லை. 1985இல் இன்டெல்லின் தலைமையில் இருந்த ஆண்டி குரோவும் கோர்டன் மூரும் நினைவகத் தொழிலை விட்டு விலகுவது என்று முடிவெடுத்தபோது, உற்பத்தியில் அந்தத் தொழிலின் பங்கு ஏற்கெனவே சுருங்கிப் போயிருந்தது.

இதை எப்படி வகைப்படுத்துவீர்கள்? வாராவாரம் எந்தச் சில்லை எந்த இயந்திரத்தில் ஓட்டுவது என்பது துறை மட்டம். விலகுவது என்ற முடிவு நிறுவன மட்டம். கீழே நடந்தது மேலே நடந்ததற்கு வழிவிட்டது என்பதால் அதன் மட்டம் உயர்ந்துவிடாது. திட்டமிடுபவர்களுக்கு ஆலையில் இயந்திரத்தை மாற்ற அதிகாரம் இருந்தது. ஆராய்ச்சிப் பணத்தை நிறுத்தவோ, நினைவக வாடிக்கையாளர்களிடம் ‘இனி எங்களிடம் கிடைக்காது’ என்று சொல்லவோ அதிகாரம் இல்லை. அந்த இரண்டும் தலைமை முடிவெடுத்த பிறகுதான் நடந்தன.

உங்கள் கம்பெனியிலும் இப்படி ஏதாவது நடக்கிறதா என்று பார்க்கலாம். ஒரு துறையின் அளவுகோலைத் தொழில் உத்திக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ‘உடனடிச் சேவைதான் நம் பலம்’ என்று தொழில் தலைவர் சொல்கிறார், கிடங்கு மேலாளருக்கோ இருப்பைக் குறைத்தால்தான் போனஸ் என்று வைத்துக்கொள்வோம். பாகம் இல்லாமல் டெக்னீஷியன் வெறுங்கையோடு திரும்பும் ஒவ்வொரு முறையும், ஜெயிப்பது கிடங்கின் உத்திதான். மேலே எழுதி வைத்திருப்பது வெறும் தாள்.

ஒரே தொழில் உள்ள உங்கள் கம்பெனியில் மேல் இரண்டு மட்டங்களும் எம்.டி. என்ற ஒரே ஆளிடம் இருக்கின்றன. ஆள் ஒன்று என்பதால் முடிவுகள் ஒன்றாகிவிடாது. போட்டியாளர் உத்தரவாதத்தை ஐந்து வருடமாக்கிவிட்டார், நாமும் ஆக்குவதா என்று அவர் யோசிக்கும்போது தொழில் தலைவராக யோசிக்கிறார். லாபத்தை எடுத்து வேறொரு தொழிலில் இறங்குவதா, இதே தொழிலைப் பெருக்குவதா என்று யோசிக்கும்போது தலைமையகமாக யோசிக்கிறார். விற்பனையாளர்களுக்கு எந்த மாதத்தில் பயிற்சி என்பதையும் அவரே சொல்கிறார் என்றால், அது துறை மட்ட முடிவை எம்.டி. எடுப்பது, அவ்வளவே. அப்படிச் செய்ய வேண்டுமா என்பது வேறு கதை, அதற்குள் போகவில்லை.

தேர்வுக்கு ஒரு வார்த்தை. ‘கம்பெனி தன் விலையைப் பத்து சதவீதம் குறைக்கிறது’ என்று மொட்டையாகக் கொடுத்திருந்தால், சரியான விடை ஒன்று என்று கிடையாது. ‘நிரந்தரமாக, மலிவானவர் என்ற இடத்தைப் பிடிக்க என்று கொண்டால் தொழில் மட்டம்’ என்று உங்கள் அனுமானத்தை ஒரு வரியில் எழுதிவிட்டு விடையைப் போடுங்கள். நான் திருத்தும் தாள்களில், அனுமானம் எழுதி வேறு விடை போட்டவருக்கு மதிப்பெண் குறைத்ததில்லை. எதுவும் எழுதாமல் ‘நிறுவன மட்டம்’ என்று மட்டும் போட்டவருக்குக் குறைத்திருக்கிறேன்.