சுகாதார நாளில் பல் துலக்கல் பேச்சு: தருமபுரி பல் மருத்துவரிடம் கேள்வி பதில்

அரூர் பக்கத்துத் தொடக்கப்பள்ளி ஆசிரியை: டாக்டர், வர்ற வாரம் சுகாதார நாள். மூணாவது, நாலாவது பிள்ளைகளுக்கு ரெண்டு நிமிஷம் பேசணும். "ரெண்டு வேளை பல் தேய்க்கணும்"னு சொல்றதுக்கு மேல என்ன சொல்லலாம்?

முதலில், சொல்லக் கூடாததைச் சொல்லிவிடுகிறேன் டீச்சர். "முத்துப் போன்ற வெண்மையான பற்கள்" என்று ஆரம்பிக்காதீர்கள். நம் பகுதி வகுப்புகளில் முன்பல்லில் பழுப்புக் கறையோடு சில பிள்ளைகள் உட்கார்ந்திருப்பார்கள். தேய்க்காததால் வந்த கறை இல்லை அது. பல் ஈறுக்குள் உருவாகும் வயதில் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் இருந்த ஃபுளோரைடு எனாமலைக் கெடுத்ததால் வந்தது. வெள்ளைப் பல்தான் சுத்தமான பல் என்று மைக்கில் சொன்னால், ஒழுங்காகத் தேய்க்கிற பிள்ளைகூட வாயைப் பொத்திக்கொள்ளும். இன்னும் சிலர் வீட்டுக்குப் போய் உப்பும் செங்கல் தூளும் போட்டு அழுத்தித் தேய்ப்பார்கள். எனாமல் தேயுமே ஒழிய கறை போகாது.

அந்த வயதுக்கு இப்படிப் பேசலாம்:

"பிள்ளைகளா, கீழ்வரிசையில் கடைசியாக இருக்கிற பல்லை நாக்கால் தொட்டுப் பாருங்க. ஆறு வயசு வாக்கில் முளைத்த பல் அது. எந்தப் பல்லும் விழாமல் பின்னாடி தானாக வந்ததால், அதுவும் பால்பல் என்றுதான் வீட்டில் நினைத்திருப்பாங்க. அது போனால் வேறு பல் முளைக்காது. அதன் மேலே பள்ளம் பள்ளமாக இருக்கும், தின்றதெல்லாம் அங்கேதான் ஒட்டும். அதனால் பிரஷ் முதலில் அங்கே போகணும்.

பட்டாணி அளவு பேஸ்ட் போதும். பல்லும் ஈறும் சேருகிற இடத்தில் பிரஷைச் சாய்த்து வைத்து, சின்னச் சின்ன வட்டமாகத் தேயுங்க. வெளிப்பக்கம், உள்பக்கம், அப்புறம் மெல்லுகிற பக்கம். மொத்தம் ரெண்டு நிமிஷம். நுரையை விழுங்காமல் நன்றாகத் துப்புங்க.

காலையில் ஒரு தடவை, ராத்திரி படுக்கப் போகும்போது ஒரு தடவை. தூங்கும்போது எச்சில் குறைவாகத்தான் ஊறும். ராத்திரி தேய்க்காவிட்டால் பல்லில் ஒட்டின கடலைமிட்டாய் விடியும்வரை அங்கேயே கிடக்கும். தேய்த்த பிறகு தண்ணீர் மட்டும்தான், பால்கூட வேண்டாம்.

யார் பல்லிலாவது பழுப்புக் கோடு இருந்தால் அது அழுக்கு இல்லை. யாரும் கேலி செய்யக் கூடாது."

நிறுத்தி நிதானமாகச் சொன்னால் இரண்டு நிமிஷத்துக்குள் முடியும். நாக்கால் தொடச் சொன்னதும் சத்தம் கிளம்பும், கொஞ்சம் விட்டுப் பிடியுங்கள்.

பாலக்கோடு, தலைமை ஆசிரியர்: நம்ம தண்ணியிலேயே ஃபுளோரைடு ஜாஸ்தி. அதோட ஃபுளோரைடு பேஸ்ட் வேறயா? "ஃபுளோரைடு இல்லாத பேஸ்ட் வாங்குங்க"னு பேச்சுல ஒரு வரி சேர்க்கலாமே?

பாதி சரி சார். ஆனால் அந்த வரியை மூன்றாம் வகுப்பில் சொல்ல வேண்டாம்.

விழுங்குகிற ஃபுளோரைடு கறை போடுவது, பல் உள்ளே உருவாகிக்கொண்டிருக்கும்போதுதான். ஏறக்குறைய எட்டு வயதுக்குள் ஞானப்பல் தவிர மற்றவற்றுக்கு அந்தக் கட்டம் முடிந்துவிடும். வெளியே வந்துவிட்ட பல்லுக்கு பேஸ்ட் மேலே படுவதால் கறை வராது, சொத்தைதான் தள்ளிப் போகும். ஃபுளோரோசிஸ், அதாவது ஃபுளோரைடால் இப்படி எனாமல் கெட்டுப்போவது, வந்த பல்லுக்குச் சொத்தை வராது என்றும் இல்லை. கடுமையாகப் பாதித்த எனாமல் நுண்துளையோடு இருக்கும், உதிரவும் செய்யும்.

கணக்கைப் பாருங்கள். 1000 பிபிஎம் பேஸ்ட்டில் ஒரு கிராமுக்கு 1 மில்லிகிராம் ஃபுளோரைடு. விளம்பரத்தில் காட்டுகிற மாதிரி பிரஷ் நீளத்துக்குப் பிதுக்கினால் ஏறக்குறைய ஒரு கிராம் வரும். ஐந்து வயதுப் பிள்ளை இரண்டு வேளையும் அப்படி வைத்துப் பாதியை விழுங்கினால், நாளைக்கு 1 மில்லிகிராம் உள்ளே போகிறது. பட்டாணி அளவு என்றால் கால் கிராம்தான், பாதி விழுங்கினாலும் கால் மில்லிகிராம். அதே பிள்ளை லிட்டருக்கு 2 மில்லிகிராம் உள்ள போர் தண்ணீரை ஒரு லிட்டர் குடித்தால் 2 மில்லிகிராம். களி கிண்டவும் சோறு வடிக்கவும் ஊற்றுகிற தண்ணீர் தனிக்கணக்கு. பெரும்பங்கு குடத்தில் இருக்கிறது. நாம் ட்யூபைத் திட்டிக்கொண்டிருக்கிறோம்.

தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவர், கிருஷ்ணகிரி: கணக்கு சரிதான் டாக்டர். ஆனா 2 மில்லிகிராம் தண்ணி குடிக்கிற பிள்ளைக்கு அந்தக் கால் மில்லிகிராம்கூட எதுக்கு? குடிநீருக்கு இந்தியத் தர அளவு லிட்டருக்கு 1, வேற வழியில்லைன்னா 1.5 வரைக்கும். அதைத் தாண்டின ஊர்ல ஆறு வயசுக்குக் கீழே உள்ள பிள்ளைக்கு ஃபுளோரைடு இல்லாத பேஸ்ட்தான் சரி. ஒகேனக்கல் குடிநீர் 2013-லேயே தொடங்கினாலும், குழாய் வராத அன்னிக்கு ஜனங்க போர் தண்ணியைத்தானே பிடிக்கிறாங்க?

நியாயமான வாதம். ஆறு வயதுக்குக் கீழே, அதுவும் துப்பத் தெரியாத பிள்ளைக்கு, உங்களைப் போலவே சொல்லும் பல் மருத்துவர்கள் இருக்கிறார்கள். என் கட்சி வேறு: மூன்று வயதுக்குள் ஓர் அரிசி அளவு, அதற்கு மேல் பட்டாணி, ட்யூப் பெரியவர் கையில், தேய்க்கும்போது பக்கத்தில் ஆள். ஃபுளோரைடை அடியோடு எடுத்துவிட்டால் பால்பல் சொத்தை கூடும், அதுவும் வலிதான். ஆனால் நீங்கள் சொல்கிற மாதிரி ஊரில், தண்ணீர் மாறும்வரை ஒரு தாய் ஃபுளோரைடு இல்லாத பேஸ்ட் வாங்கினால் நான் தடுக்க மாட்டேன்.

அதே தலைமை ஆசிரியர்: அப்ப தண்ணியைக் கொதிக்க வெச்சுக் குடிக்கச் சொல்லிடலாமா?

வேண்டாம் சார். தண்ணீர் ஆவியாகும், ஃபுளோரைடு பாத்திரத்திலேயே நின்று இன்னும் செறிவாகும். கிருமிக்கு மட்டும்தான் கொதிநீர்.

பர்கூர், கடை வைத்திருப்பவர்: எனக்கு 46 வயசு. ஜில்லுனு குடிச்சா கடவாய்ல சுரீர்ங்குது. ராத்திரி தேய்ச்சா சரியாயிடுமா?

இங்கே பிள்ளைகளுக்கான பேச்சு ஓடுகிறது. உங்கள் பல்லை யாராவது நேரில் பார்க்க வேண்டும், அரசு மருத்துவமனைப் பல் பிரிவுக்குப் போங்கள்.

காரிமங்கலம், ஒரு தாய்: பையன் பல்லு மஞ்சளா கோடு கோடா இருக்கு. கரிப் பேஸ்ட் போட்டா போகுமா?

போகாது. கரி வேண்டாம், செங்கல் வேண்டாம், சாம்பலும் வேண்டாம். கண்ணாடி முன் நிறுத்திப் பாருங்கள். இடப்பக்கப் பல்லில் உள்ள மாதிரியே வலப்பக்கத்து ஜோடிப் பல்லிலும் குறுக்குக் கோடு இருந்தால் பெரும்பாலும் ஃபுளோரோசிஸ். ஈறை ஒட்டி ஒரே ஒரு பல்லில் சுண்ணாம்பு வெள்ளைத் திட்டு என்றால் சொத்தை ஆரம்பமாக இருக்கலாம். இரவு ஒழுங்காகத் தேய்த்தால் அந்தக் கட்டத்தில் அதை நிறுத்த முடியும், பழுப்பாகிக் குழி விழுந்த பிறகு முடியாது. அதனால் இப்போதே காட்டுங்கள்.

ஊத்தங்கரை: உப்பு, எலுமிச்சை தேய்ச்சா கறை போகும்னு சொல்றாங்களே?

மேலே இருப்பதைப் படியுங்கள். எலுமிச்சை அமிலம், எனாமலைக் கரைக்கும்.

பென்னாகரம்: டாக்டர், கறை போக என்ன பேஸ்ட் நல்லது?

எதுவும் இல்லை. மூன்றாவது தடவை சொல்கிறேன்.

அரூர் ஆசிரியை: பேச்சு முடிஞ்சதும் நாற்பது பிள்ளைகளைத் தேய்க்க வெச்சுக் காட்டலாம்னு இருக்கோம். குழாய் ஒண்ணுதான் இருக்கு. எப்படிச் சமாளிக்கிறது?

பேஸ்ட்டே வேண்டாம். ஆளுக்கொரு புது பிரஷ், நனைத்துக் கொடுங்கள். வட்டமாகத் தேய்ப்பதும் கடைசிப் பல்லை எட்டுவதும் வெறும் பிரஷிலேயே பழகும். அந்தப் பல் பாதி முளைத்த பிள்ளைக்கு அது மற்றவற்றைவிடத் தாழ்வாக இருக்கும், நேராக இழுத்தால் பிரஷ் அதைத் தொடாமலே தாண்டிவிடும். வாயைப் பாதி மூடச் சொல்லி, கன்னப் பக்கமிருந்து பிரஷைக் குறுக்காக நுழைத்துக் காட்டுங்கள். பேஸ்ட்டை மேசையில் தனியாக, பட்டாணி அளவு பிதுக்கிக் காட்டினால் போதும். பெற்றோர் வந்திருந்தால் அவர்களையும் கூப்பிட்டுக் காட்டுங்கள், வீட்டில் ட்யூப் அவர்கள் கையில்தானே இருக்கிறது.