350 சிசியை 200 சிசி முந்துவது எப்படி?

கேள்வி: என்னிடம் கிளாசிக் 350 இருக்கிறது. நண்பனிடம் டியூக் 200. சிக்னலில் பச்சை விழுந்ததும் முதல் பத்தடி நான்தான் முன்னால் இருப்பேன். அப்புறம் அவன் போய்க்கொண்டே இருக்கிறான். என் எஞ்சின் 150 சிசி பெரியது, டார்க்கும் அதிகம். வண்டியில் ஏதாவது கோளாறா? அடுத்த தடவை இன்னும் பெரிய எஞ்சினாக வாங்கினால் சரியாகிவிடுமா?

பதில்: கோளாறு இருக்க வாய்ப்புக் குறைவு. ஆனாலும் பத்து நிமிட வேலைதான், பார்த்துவிடுங்கள். சென்டர் ஸ்டாண்டு போட்டு, நியூட்ரலில் பின் சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். தடையில்லாமல் சில சுற்று ஓட வேண்டும். உடனே நின்றால் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது, அல்லது செயின் அளவுக்கு மீறி இறுக்கமாக இருக்கிறது. அடுத்து காலியான சாலையில் நான்காவது கியரில் 40-இல் போகும்போது திராட்டிலை முழுவதும் திறங்கள். எஞ்சின் சத்தம் மட்டும் எகிறி, வேகம் மெதுவாக ஏறினால் கிளட்ச் நழுவுகிறது. உங்கள் வண்டியில் ஆர்.பி.எம். மீட்டர் இல்லாததால் காதைத்தான் நம்ப வேண்டும். இரண்டும் சரியாக இருந்தால் மெக்கானிக்கிடம் போக வேண்டாம். மீதியைக் கணக்கே சொல்லிவிடும்.

வண்டி 60 கி.மீ. வேகத்தில் ஓடும்போது அதன் ஒவ்வொரு கிலோவிலும் ஏறத்தாழ 139 ஜூல் இயக்க ஆற்றல் இருக்கும். புல்லட்டானாலும் ஸ்கூட்டரானாலும் கிலோவுக்கு அதே 139தான். நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது அந்த ஆற்றல் முழுவதையும் எஞ்சின்தான் ஊட்ட வேண்டும். வாட் என்றால் நொடிக்கு ஒரு ஜூல். அப்படியென்றால் ஒரு கிலோவுக்கு உங்கள் எஞ்சின் எத்தனை வாட் தருகிறது என்பதை வைத்தே நேரம் அமையும். திறன்–எடை விகிதம் என்று சொல்வது இதைத்தான். இந்தக் கணக்கில் சிசி என்ற எண்ணுக்கு வேலையே இல்லை, கவனித்தீர்களா?

எண்களைப் போட்டுப் பார்ப்போம். கிளாசிக் 350 தருவது 20.2 குதிரைத்திறன், அதாவது 15 கிலோவாட். எடை 195 கிலோ. ஓட்டுபவர், ஹெல்மெட், பை எல்லாம் சேர்த்து 80 கிலோ என்று வைத்தால் மொத்தம் 275. வகுத்தால் கிலோவுக்கு 55 வாட். டியூக் 200 தருவது ஏறத்தாழ 24.7 குதிரைத்திறன், அதாவது 18.4 கிலோவாட். வண்டி சுமார் 160 கிலோ, ஆளோடு 240. கிலோவுக்கு 77 வாட். 139-ஐ 55-ஆல் வகுத்தால் 2.5 நொடி, 77-ஆல் வகுத்தால் 1.8 நொடி.

நிஜத்தில் எந்த வண்டியும் இந்த நேரத்துக்குள் 60-ஐத் தொடாது. உச்ச திறன் ஒரே ஒரு ஆர்.பி.எம்.-இல்தான் கிடைக்கும். கிளம்பும்போது கிளட்ச்சில் கொஞ்சம் போகும், கியர் மாற்றும்போது அரை நொடி வீணாகும், செயினும் தன் பங்கை எடுத்துக்கொள்ளும். ஆகவே இதைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு நேரம் ஆகும். ஆனால் இந்த இழப்பெல்லாம் இரண்டு வண்டிக்கும் உண்டு. அதனால் யார் முன்னால், யார் பின்னால் என்ற வரிசை அவ்வளவு எளிதாக மாறிவிடாது. உங்கள் நண்பன் முந்திப் போவது அந்த 55-க்கும் 77-க்கும் உள்ள இடைவெளியில்தான்.

இப்போது நீங்கள் கேட்ட டார்க். உங்களுக்கு 27 நியூட்டன் மீட்டர், 4,000 ஆர்.பி.எம்.-இல். அவருக்கு 19.3, ஆனால் 8,000-இல். இவை எஞ்சினின் கிராங்க்கில் அளந்த எண்கள். சாலையைத் தள்ளுவது பின் சக்கரம், நடுவில் கியர்பாக்ஸ் உட்கார்ந்திருக்கிறது. இரண்டு பேரும் ஒரே வேகத்தில் பக்கத்தில் பக்கத்தில் போகிறீர்கள், உங்கள் எஞ்சின் 4,000 சுற்றும்போது அவருடையது 8,000 சுற்றுகிறது என்று வையுங்கள். அவருடைய கியர் உங்களுடையதைவிட இரண்டு மடங்கு குறைத்துத் தருகிறது என்று அர்த்தம். கியர் சுற்றைப் பாதியாக்கினால் டார்க்கை இரட்டிப்பாக்கும். 19.3 அந்த இடத்தில் 38.6-க்குச் சமமாகிவிடுகிறது, உங்களுக்கு 27தான். டார்க்கையும் சுற்றையும் பெருக்கி வருவதுதான் திறன். அதனால்தான் டார்க்கை மட்டும் தனியாக எடுத்துப் பேசினால் பாதிக் கதைதான் தெரியும்.

சரி, 350 சிசி எஞ்சின் ஏன் 200 சிசியைவிடக் குறைவாகத் தருகிறது? இந்தக் கேள்வியை எடுத்தால் எனக்கு நிறுத்த மனம் வராது, ஏனென்றால் இந்த ஜோடியைப் போல ஒப்பிட வாகாக அமைவது அபூர்வம். இரண்டு எஞ்சினுக்கும் ஒரே சிலிண்டர், அந்த சிலிண்டரின் விட்டமும் ஒன்றே: 72 மி.மீ. வித்தியாசம் பிஸ்டன் ஏறி இறங்கும் தூரத்தில், அதாவது ஸ்ட்ரோக்கில்தான். கிளாசிக்கில் 85.8 மி.மீ., டியூக்கில் வெறும் 49. அந்த நீளம்தான் 200-ஐ 349 ஆக்குகிறது.

ஆனால் நீள ஸ்ட்ரோக்குக்கு ஒரு விலை உண்டு. பிஸ்டன் ஒவ்வொரு சுற்றிலும் அதிக தூரம் ஓட வேண்டும், அதனால் எஞ்சினை அதிகம் சுற்றவிட முடியாது. கிளாசிக் 6,100 ஆர்.பி.எம்.-இல் உச்ச திறனைத் தொடும்போது அதன் பிஸ்டன் சராசரியாக நொடிக்கு 17 மீட்டருக்குச் சற்று மேல் ஓடுகிறது. டியூக் 10,000 ஆர்.பி.எம்.-இல் அலறும்போது அதன் பிஸ்டன் 16 மீட்டர்தான்! சத்தத்தைக் கேட்டு டியூக்கின் எஞ்சின்தான் படாத பாடு படுகிறது என்று நினைப்போம். பிஸ்டனைக் கேட்டால் வேறு கதை சொல்லும்.

இன்னொரு கணக்கு. நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின் இரண்டு சுற்றுக்கு ஒரு முறை காற்றை உள்ளே இழுக்கும். உச்ச திறனில் கிளாசிக்கின் சிலிண்டர் நிமிடத்துக்கு 1,060 லிட்டர் அளவுக்கு இடம் திறந்து தருகிறது, டியூக் சுமார் 1,000 லிட்டர். கிட்டத்தட்ட சமம். சிசி பாதிக்குக் கொஞ்சம் மேல்தான், சுற்று அதை ஈடுகட்டிவிட்டது. மிச்ச வித்தியாசம் அந்த இடத்தை எவ்வளவு நன்றாக நிரப்பி எரிக்கிறார்கள் என்பதில் வருகிறது. டியூக்குக்கு நான்கு வால்வு, இரண்டு கேம்ஷாஃப்ட், தண்ணீர்க் குளிர்விப்பு. கிளாசிக்குக்கு இரண்டே வால்வு, காற்றும் எண்ணெயும் குளிர்விக்கும். மெதுவாகச் சுற்றும்போது இரண்டு வால்வு போதும். 6,000 வந்தால் மூச்சு முட்டும். உங்கள் எஞ்சினின் டார்க் 4,000-இல் 27 ஆக இருந்து, 6,100-இல் 24-க்கும் கீழே இறங்கிவிடுவது இதனால்தான்.

இதைக் குறை என்று சொல்ல மாட்டேன், வேண்டுமென்றே அப்படிச் செய்திருக்கிறார்கள். நீங்கள் சொன்ன அந்த முதல் பத்தடி இதற்குச் சாட்சி. கிளட்ச்சை விடும் நேரத்தில் எஞ்சின் 2,500–3,000-இல் இருக்கும். அந்த இடத்தில் உங்கள் எஞ்சின் ஏற்கெனவே முழு பலத்துக்குப் பக்கத்தில் நிற்கிறது, அவருடையது இன்னும் தூங்குகிறது. அவர் 3,000-இல் சோம்பலாக ஓட்டினால், கியரைக் குறைக்காமல் திராட்டிலை மட்டும் திருகினால், நீங்கள்தான் முன்னால். விகிதத்தின் முதல் எல்லை இது. கம்பெனி அச்சடித்த உச்ச திறனை வைத்துப் போடும் கணக்கு, அந்த உச்சத்துக்குப் பக்கத்திலேயே எஞ்சினை வைத்திருப்பவருக்குத்தான் பலிக்கும்.

இரண்டாவது எல்லை காற்று. 60 வரை காற்றைக் கிழிக்க 2 கிலோவாட்டுக்குள் போதும். நிமிர்ந்து உட்கார்ந்து 100-இல் போனால் ஏறத்தாழ 8 கிலோவாட் அதற்கே போய்விடும், உங்கள் 15-இல் பாதிக்கு மேல். அங்கே எடையைவிட, எவ்வளவு பெரிய உருவம் காற்றில் நிற்கிறது என்பதுதான் பேசும். உச்ச வேகத்தைத் திறன்–எடை விகிதத்தை வைத்துக் கணிக்காதீர்கள்.

எடையைப் பற்றி ஒரு எச்சரிக்கை. பலர் வண்டியின் எடையை மட்டும் வைத்து வகுத்துவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் டியூக் உங்களைவிட 50 சதவீதம் மேல் என்று வரும். ஆளைச் சேர்த்தால் 40 சதவீதம். பின்னால் 70 கிலோவில் ஒருவர் உட்கார்ந்தால் உங்களுக்குக் கிலோவுக்கு 43 வாட், அவருக்கு 59 வாட், வித்தியாசம் இன்னும் சுருங்குகிறது. வண்டி எவ்வளவு இலேசோ, அதன் மேல் ஏறும் ஆளின் எடை அவ்வளவு உறைக்கும். இதையே மறுபக்கம் பார்த்தால், லெக் கார்டு, பக்கப்பெட்டி என்று மாட்டியிருந்த 10 கிலோவைக் கழற்றினால் உங்களுக்குக் கிடைப்பது சுமார் 0.7 குதிரைத்திறனுக்குச் சமம். சத்தமான சைலன்சர் மாற்றிக்கொண்டு வருபவர்களில் பலருக்கு இவ்வளவுகூடக் கிடைப்பதில்லை, காதுக்குத்தான் வேகம். பின் ஸ்ப்ராக்கெட்டில் பல்லைக் கூட்டினால் ஒவ்வொரு கியரிலும் இழுவை கூடும், உண்மை. ஆனால் திறன் அப்படியே இருக்கும். கியரைச் சீக்கிரம் மாற்ற வேண்டியிருக்கும், நெடுஞ்சாலையில் எஞ்சின் வீணாகக் கத்தும். நான் செய்யச் சொல்ல மாட்டேன்.

ஒரே சிசியில்கூட இந்த விகிதம் எப்படி விளையாடும் என்பதற்கு நம் ஊர் ஆர்.எக்ஸ். 100 இருக்கிறது. 98 சிசி, 11 குதிரைத்திறன், எடை நூறு கிலோவுக்குச் சற்று மேல். ஆளோடு கிலோவுக்கு 45 வாட். இன்றைக்கு ஓடும் நூறு சிசி ஸ்பிளெண்டருக்கு ஏறத்தாழ 31. ஆர்.எக்ஸ். டூ ஸ்ட்ரோக், ஒவ்வொரு சுற்றிலும் எரியும். அதைப் பற்றி இன்னும் கண் விரியப் பேசுகிறவர்கள் பொய் சொல்லவில்லை.

அடுத்த வண்டிக்கு வருவோம். பெரிய எஞ்சின் என்று மட்டும் பார்த்து வாங்கினால் ஏமாறுவீர்கள். பழைய 411 சிசி ஹிமாலயனை எடுங்கள். 24.3 குதிரைத்திறன், 199 கிலோ. ஆளோடு கிலோவுக்கு 65 வாட்தான் வருகிறது. சிசியில் டியூக்கைவிட இரண்டு மடங்கு, ஆனாலும் அதன் 77-ஐத் தொடவில்லை. யமஹா ஆர்15 வெறும் 155 சிசி, 18.4 பி.எஸ்., 142 கிலோ. அதற்கு 61 வருகிறது, உங்கள் கிளாசிக்கைத் தாண்டிவிட்டது. ஷோரூமுக்குப் போகும்போது திறனைக் கிலோவாட்டில் எழுதிக்கொள்ளுங்கள் (குதிரைத்திறனை 0.746-ஆல் பெருக்கினால் வரும், பி.எஸ். என்று போட்டிருந்தால் 0.735). எடையில் பெட்ரோலும் ஆயிலும் சேர்ந்த கெர்ப் எடையையே கேளுங்கள், சிலர் காலி எடையைப் போட்டுவிடுவார்கள். அதோடு உங்கள் எடையைக் கூட்டி வகுத்துப் பாருங்கள். 77-க்கு மேல் வந்தால் நண்பனைப் பிடிக்கலாம், அவனைப் போல நீங்களும் எஞ்சினை உச்சத்துக்குப் பக்கத்தில் வைத்து ஓட்டினால்.