மறந்த மாத்திரையை எப்போது போடலாம்?

"பல் வேர்ச் சீழுக்கு அமாக்ஸிசிலின் 500, மூன்று வேளை. காலை 6, மதியம் 2, இரவு 10 என்று போடுகிறேன். இன்று மதிய மாத்திரையை மறந்துவிட்டேன்; மாலை 5 மணிக்குத்தான் ஞாபகம் வந்தது. இப்போது போடவா, இரவு இரண்டாகப் போடவா?"

இப்போதே ஒன்று போடுங்கள். இரவு 10 மணி மாத்திரை வழக்கம்போல. அதற்குள் 5 மணி நேரம் இருக்கிறது; அமாக்ஸிசிலினுக்கு இரண்டு மாத்திரைகளுக்கு இடையே சுமார் 4 மணி நேரம் இருந்தால் போதும். இதுவே மாலை 6 மணிக்கு மேல் ஞாபகம் வந்திருந்தால், மதியத்தை விட்டுவிட்டு 10 மணிக்கு ஒன்று மட்டும் போடச் சொல்லியிருப்பேன்.

கணக்கு சுலபம்: அடுத்த வேளைக்குப் பாதி நேரத்துக்கு மேல் இருந்தால் போடலாம், இல்லையென்றால் விட்டுவிடலாம். இரண்டு வேளை மருந்துக்கு 6 மணி நேரம், மூன்று வேளைக்கு 4, நான்கு வேளைக்கு 3.

இரண்டாகப் போடுவதில் லாபம் இல்லை. அமாக்ஸிசிலினைச் சிறுநீரகம் விரைவாக வெளியேற்றிவிடும். ரத்தத்தில் அதன் அளவு ஏறக்குறைய மணிக்கு ஒருமுறை பாதியாகும். அதனால் இரட்டிப்பாகப் போட்டால் கூடுதலாகக் கிடைப்பது ஒரு மணி நேர வேலைதான். அதோடு வயிற்றுப்போக்கும் குமட்டலும் வந்து சேரலாம். கிருமியை இந்த மருந்து அடிப்பது அளவின் உயரத்தால் அல்ல, போதுமான அளவில் எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதால்.

ஒன்று மட்டும் தனி: டாக்ஸிசைக்ளின் என்ற இன்னொரு ஆன்டிபயாடிக். இரவு மாத்திரை மறந்துபோய், படுத்தபின் ஞாபகம் வந்து, தலையணையில் சாய்ந்தபடியே ஒரு மிடறு தண்ணீரில் விழுங்குபவர்கள் உண்டு. அது உணவுக்குழாயில் ஒட்டி அங்கேயே கரைந்து புண்ணாக்கும். மறுநாள் எச்சில் விழுங்கினாலே நெஞ்சு எரியும். அதைப் பலர் மாரடைப்பு என்று பயந்து ஓடிவருகிறார்கள். எழுந்து உட்காருங்கள், ஒரு டம்ளர் நிறையத் தண்ணீர் குடியுங்கள், அரை மணி நேரமாவது படுக்காதீர்கள். தூக்கம் சொக்குகிறதா? கணக்குப்படி நேரம் இருந்தாலும் விட்டுவிடுங்கள், காலையில் அடுத்ததைப் போட்டுக்கொள்ளலாம்.

இன்னொரு தொல்லை, மருந்துக்கடை முகப்பில் நிற்பவர். "வேளை தவறிடுச்சா? இதைவிட ஸ்ட்ராங்கா ஒண்ணு தர்றேன்" என்பார். ஒரு வேளை தவறியதற்கு மருந்தை மாற்றவே வேண்டியதில்லை. தொடர்ந்து இரண்டு மூன்று வேளை விட்டுப்போனாலோ, வீக்கமும் காய்ச்சலும் கூடினாலோ, எழுதித் தந்த மருத்துவரிடம்தான் கேட்க வேண்டும். விட்ட மாத்திரை அட்டையில் மிஞ்சும். அதை அடுத்த காய்ச்சலுக்கு என்று எடுத்துவைக்காதீர்கள்.

குற்றம் உங்களுடையது மட்டுமல்ல. சீட்டில் 1-1-1 என்று கிறுக்கிக் கொடுத்துவிடுகிறோம். எத்தனை மணிக்கு என்று எழுத ஒருவருக்கும் கை வருவதில்லை. "காலை, மதியம், இரவு" என்று 9, 1, 9 மணிக்குப் போட்டால் மறக்காமலே இரவில் 12 மணி நேரம் இடைவெளி விழும். உங்கள் 6, 2, 10 நல்ல கணக்கு. அதையே கைபேசியில் அலாரமாக வைத்துவிடுங்கள்.